நூறு எண் வேண்டாம், ஐந்து பேர் போதும்

மார்த்தாண்டம் தேனை விற்கத் தொடங்குகிறீர்களா? நாகர்கோவிலில் ஒரு வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனால் எல்லாரிடமும் எண் வாங்காதீர்கள். ஐந்து கடைக்காரர்களிடம் மட்டும் நின்று பேசுங்கள். எண்ணைச் சேமிக்கும்போதே பெயரோடு கடை, ஊர், பேசிய விஷயம் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு நாளுக்குள், "அண்ணாச்சி, கால் கிலோ பாட்டில்தான் ஓடும்னு சொன்னீங்களே, அந்த அளவில் ஒரு பாட்டில் கொண்டு வரட்டுமா?" என்று தனியாக அனுப்புங்கள். பிறகு ரப்பர் தோட்டங்களில் தேன் எடுக்கும் பிப்ரவரி, மார்ச்சில் அந்த ஆண்டு விளைச்சலும் விலையும் எப்படி என்று சொல்லுங்கள். ஆர்டர் கேட்காமல் சொல்லும் அந்தத் தகவல்தான் கடைக்காரர் நினைவில் உங்களை வைக்கிறது.

காரணம் எளிது. ஒரே செய்தியை எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். நீங்கள் சேமித்த நூறு எண்ணால் பயனில்லை. பட்டியலில் பலருக்கு ஒரே டிக் மட்டும் நிற்கிறதென்றால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. மேலும், தேன் புளித்துப்போனால் யாரைக் கேட்பது என்று தெரிந்தால்தான் கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பார்.

பாட்டில், லேபிள் வாங்க விலை விசாரிப்பதற்கு இது பொருந்தாது. அங்கே பத்துப் பேரிடம் கேட்பதே லாபம்.