ஆம்பியர் சரி, யூனிட் மட்டும் குறைவு

வண்ணாரப்பேட்டை வணிக வளாகம். சப்-மீட்டர்களின் கூட்டுத்தொகை மெயின் மீட்டரைவிட எப்போதும் குறைவு. கரண்டை மீட்டருக்கேற்ற அளவுக்குக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின், அதாவது சி.டி.யின், 100/5 விகிதம் மீட்டரில் சரியாகவே பதிந்திருந்தது. மீட்டரை மாற்றியும் பலனில்லை. அளவுகளைத் தொடர்ந்து பதியும் லாகரும் மொத்த யூனிட்டை மட்டுமே பதிந்தது.

ஃபேஸ் வாரியாக கிலோவாட் பார்த்தபோதுதான் ஒரு ஜவுளிக்கடையில் ஒய் ஃபேஸ் மைனஸ் காட்டியது. அந்த ஃபேஸின் சி.டி. தலைகீழ். ஆம்பியருக்குக் குறி இல்லாததால் சப்-மீட்டர் காட்டும் ஆம்பியர் கிளாம்ப் மீட்டரோடு அப்படியே ஒத்துப்போகும், அங்கேதான் ஏமாறுவோம். மூன்று ஃபேஸிலும் சம லோடு என்றால், மைனஸ் ஃபேஸ் இன்னொரு ஃபேஸைக் கழித்துவிட, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும்.

சப்ளையை நிறுத்தி அந்த சி.டி.யின் செகண்டரி ஒயர்களான எஸ்1, எஸ்2 இரண்டையும் இடம் மாற்றியதும் இடைவெளி அடங்கியது, பெரிய நிம்மதி. லோடு ஓடும்போது சி.டி. செகண்டரியைத் திறக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

பழைய பில்லை மூன்றால் பெருக்கவில்லை, அந்தக் கடையில் லோடு சமமில்லை. ஒரு மாதம் ஃபேஸ் வாரியாகப் பதிந்து, அந்த விகிதத்தில் திருத்தினோம்.