கனோசாவும் கான்ஸ்டான்டினோபிளும்: திருச்சபை–அரசு ஒப்பீட்டுக் கட்டுரைக்குத் திட்டம் போடுவது எப்படி?

“மத்திய காலக் கிறிஸ்தவ உலகில், கிழக்கிலும் மேற்கிலும் திருச்சபைக்கும் அரசுக்கும் இருந்த உறவை ஒப்பிடுக.”

இந்தக் கேள்விக்கு வரும் விடைகளில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: கிழக்கில் பேரரசர் சொன்னதைத் திருச்சபை கேட்டது, மேற்கில் போப் சொன்னதை அரசர்கள் கேட்டார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு வரியை நம்பி இறங்கினால், மூன்றாவது பத்திக்குள் நீங்கள் கொண்டுவந்த சான்றுகளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். அதனால் எழுத உட்காருவதற்கு முன் ஒரு பக்கத் திட்டம் போட்டுக்கொள்ளலாம். எப்படிப் போடுவது என்று ஒரு ஜோடி நிகழ்ச்சிகளை வைத்தே காட்டுகிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

கிழக்கு என்றால் பைசாந்தியப் பேரரசு, மேற்கு என்றால் ரோமை மையமாகக் கொண்ட லத்தீன் உலகம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ரஷ்யா, எத்தியோப்பியா, ஆர்மீனியா எல்லாம் ‘கிழக்கு’தான். அவற்றை விட்டுவிடுகிறோம் என்று ஒரு வரி போதும்.

காலத்துக்கும் வேலி போட வேண்டும். நான் 900 முதல் 1122 வரை எடுப்பேன். 1122-இல், ஆயர்களுக்குப் பதவி தரும் உரிமை பற்றிப் போப்பும் பேரரசரும் செய்துகொண்ட வோர்ம்ஸ் ஒப்பந்தம் வருகிறது, மேற்குப் பக்கக் கதைக்கு ஓர் இயல்பான நிறுத்தம். அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் பின்னணிக்கு வரலாம், அதுவும் ஒரே ஒரு பத்திதான். கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து வரிசையாகக் கதை சொல்லத் தொடங்கினால், நைசியா பொதுச்சங்கத்திலேயே பக்கம் தீர்ந்துவிடும்.

படி 2: இரண்டு தரப்பும் தங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்

பின்னணிப் பத்திக்கு இரண்டு ஆவணங்கள் போதும். 494-இல் போப் முதலாம் ஜெலாசியஸ், பேரரசர் அனஸ்தாசியஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உலகை ஆள்பவை இரண்டு: ஆயர்களின் புனித அதிகாரமும் அரச வல்லமையும். இறுதித் தீர்ப்பில் அரசர்களுக்காகவும் குருக்களே கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் குருக்களின் சுமை அதிகம் என்கிறார். 535-இல் பேரரசர் ஜஸ்டினியன், தன் ஆறாவது புதுச் சட்டத்தின் முன்னுரையில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்: குருத்துவமும் ஆட்சியும் கடவுள் மனிதருக்குத் தந்த இரு பெரும் கொடைகள், இரண்டும் ஒத்திசைந்து நடக்க வேண்டும். ஆனால் குருக்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்பதைப் பேரரசர் தன் முதல் கவலையாக எடுத்துக்கொள்கிறார்.

இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், அதிகாரங்கள் இரண்டு. யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆவணங்களில் இருக்கும் இந்த மெல்லிய வேறுபாடு நடைமுறையில் எப்போது பெரிதாகிறது? உங்கள் கட்டுரை பதில் தேட வேண்டிய கேள்வி அதுதான்.

படி 3: ஒரே எடையுள்ள இரண்டு சண்டைகளைப் பிடியுங்கள்

மேற்கிலிருந்து ஒரு சண்டையையும் கிழக்கிலிருந்து ஒரு சமாதானத்தையும் எடுத்து ஒப்பிட்டால் விடை கோணலாகத்தான் வரும். இரு பக்கமும் ஓர் ஆட்சியாளரைத் திருச்சபைத் தலைவர் வாசலில் நிறுத்திய நிகழ்ச்சிகளாக எடுப்போம்.

கிழக்கில் பேரரசர் ஆறாம் லியோ. மூன்று மனைவியரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள், ஆண் வாரிசு இல்லை. பிறகு சோயி கார்போனோப்சினா என்ற பெண்ணிடம் 905-இல் மகன் பிறந்தான். கிழக்குத் திருச்சபை இரண்டாம் திருமணத்தையே முகம் சுளித்துத்தான் ஏற்றது. மூன்றாம் திருமணத்தைக் கண்டித்து லியோவே சட்டம் போட்டிருந்தார். கான்ஸ்டான்டினோபிள் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் நிக்கோலஸ், சோயியை அரண்மனையிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே சோயி திரும்பி வந்தாள். ஒரு குருவை வைத்து லியோ அவளை மணந்தும்விட்டார்.

906 கிறிஸ்துமஸ் அன்று பேரரசர் ஹாகியா சோபியாவுக்கு ஊர்வலமாக வந்தபோது, மறைமுதுவர் அவரை உள்ளே விடவில்லை. 907 தொடக்கத்தில் திருக்காட்சி விழா அன்றும் அதே கதை. லியோ கதவை உடைக்கவில்லை, திரும்பிப் போனார். பிறகு நிக்கோலஸைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்திவிட்டு, யூதிமியோஸ் என்ற துறவியை மறைமுதுவராக்கினார். ரோமின் ஒப்புதலையும் தேடிப் பெற்றார். மேற்கத்தியத் திருச்சபை மறுமணங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மாணவர்கள் பலர் தவறவிடும் இடம் இது: கிழக்கின் பேரரசர் தன் உள்ளூர் மறைமுதுவரைத் தாண்டிப் போக, போப்பையே படிக்கல்லாக்கிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. யூதிமியோஸ் லியோவைத் தவம் செய்யும் பாவியாகத்தான் உள்ளே விட்டார், திருமணம் செய்துவைத்த குருவின் பட்டத்தைப் பறித்தார். 912-இல் லியோ இறந்த பின் நிக்கோலஸ் திரும்பி வந்தார். 920-இல் வெளியான ஒற்றுமை ஆவணம் நான்காம் திருமணத்தை அடியோடு தடைசெய்தது. அப்போது அரியணையில் இருந்த சிறுவன் ஏழாம் கான்ஸ்டன்டைன் யார்? அதே நான்காம் திருமணத்தின் பிள்ளை.

மேற்கில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி. 1076 ஜனவரியில் வோர்ம்ஸில் கூடிய ஜெர்மானிய ஆயர்கள், ஹென்றியின் பக்கம் நின்று, ஏழாம் கிரகோரியைப் போப்பாக ஏற்க மறுத்தார்கள். அடுத்த மாதமே கிரகோரி பதிலடி கொடுத்தார். ஹென்றியைச் சபையிலிருந்து நீக்கியதோடு, அவர் ஆளக் கூடாது என்றார், குடிகள் அவருக்குக் கொடுத்த விசுவாசப் பிரமாணத்திலிருந்தும் அவர்களை விடுவித்தார். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த ஜெர்மானியப் பிரபுக்களுக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல. ஓராண்டுக்குள் தண்டனை நீங்காவிட்டால் அரசர் பதவி போய்விடும் என்றார்கள். ஹென்றி குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, 1077 ஜனவரியில் கிரகோரி தங்கியிருந்த கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு, கம்பளி உடுத்தி நின்றார். கிரகோரி மன்னித்தார். பிரபுக்கள் மன்னிக்கவில்லை, மார்ச்சில் வேறொருவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

படி 4: ‘யார் ஜெயித்தார்?’ என்று கேட்காதீர்கள்

கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஹென்றி 1084-இல் ரோமைப் பிடித்தார், கிரகோரி 1085-இல் சலெர்னோவில் அகதியாக இறந்தார். லியோ நினைத்த மனைவியையும் வாரிசையும் பெற்றார், ஆனால் சட்டம் நிக்கோலஸ் பக்கம் போனது. வெற்றி தோல்விக் கணக்கு எங்கும் நேராக வராது.

அதற்குப் பதில் மூன்று கேள்விகளை இரு நிகழ்ச்சிகளுக்கும் போடுங்கள். திருச்சபைத் தலைவர் எதைத் தடுத்தார்? ஆட்சியாளரால் அவரை என்ன செய்ய முடிந்தது? சண்டைக்குள் வேறு யார் நுழைந்தார்கள்?

முதல் கேள்விக்கு: நிக்கோலஸ் கோயில் கதவைத்தான் அடைத்தார், அரியணையைத் தொடவில்லை. கிரகோரி ஆட்சி உரிமையிலேயே கை வைத்தார். இரண்டாவதுக்கு: ஹாகியா சோபியாவுக்குப் பக்கத்திலேயே அரண்மனை, பேரரசர் நினைத்தால் மறைமுதுவரை அன்றைக்கே படகேற்றலாம். கிரகோரி ஹென்றியின் கைக்கெட்டாத தூரத்தில், ஆல்ப்ஸுக்கு அப்பால் இருந்தார். மூன்றாவதுதான் சாறுள்ள கேள்வி. ஜெர்மனியில் ஆயர்கள் நிலமும் படையும் வைத்திருந்த பெரும் பிரபுக்கள். ஓர் ஆயரை நியமிப்பது ஒரு மாவட்டத்தையே நியமிப்பது போல. ஆகவே ஆயர் பதவியின் அடையாளங்களான மோதிரமும் கோலும் யார் கையால் தருவது என்ற சடங்குச் சண்டைக்குப் பின்னால் அரசின் வருவாயும் படையும் நின்றன. பைசாந்தியத்தில் நிர்வாகம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் கையில் இருந்தது; ஆயரை நம்பிப் பேரரசு ஓடவில்லை.

படி 5: மைய வாதத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்

என் திட்டத்தில் அது இப்படி இருக்கும்: “கிழக்கில் பேரரசர் மறைமுதுவரை மாற்ற முடிந்தது, திருச்சபையின் சட்டத்தை நிரந்தரமாக மாற்ற முடியவில்லை. மேற்கில் ஆயர்கள் அரசின் தூண்களாகவும் போப் அரசரின் எல்லைக்கு வெளியேயும் இருந்ததால், ஒழுக்கம் பற்றிய சண்டைகூட ஆட்சியுரிமை பற்றிய சண்டையாக மாறியது.”

இதை மறுத்து யாராவது பேச முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் நல்லது, அது வாதம். “இரண்டுக்கும் ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உண்டு” என்று எழுதினால் மறுக்க ஆளே கிடைக்காது.

படி 6: பத்திகளை அடுக்குங்கள்

முதலில் கிழக்கு முழுவதும், பிறகு மேற்கு முழுவதும் என்று எழுதினால் ஒப்பிடும் வேலை படிப்பவர் தலையில் விழும். படி 4-இன் மூன்று கேள்விகளும் மூன்று பத்திகள். ஒவ்வொன்றிலும் லியோவும் ஹென்றியும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். ஒரு பத்தியின் தொடக்கத்தை மாதிரிக்குத் தருகிறேன்.

முதல் வரைவு: “மறைமுதுவர் நிக்கோலஸ் 906-இல் பேரரசரைத் தடுத்தார். 1077-இல் ஹென்றி கனோசாவுக்குச் சென்றார்.”

திருத்தியது: “நிக்கோலஸ் லியோவை வாசலில் தடுத்த நாளிலும் லியோ பேரரசராகவே வீடு திரும்பினார். ஹென்றி கனோசாவுக்குப் புறப்பட்டபோது, அவர் அரசர்தானா என்பதே கேள்வியாக இருந்தது.”

தகவல் கூடவில்லை. இரண்டு வாக்கியங்களும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான்.

படி 7: உங்கள் வாதத்துக்கு இடிக்கும் சான்றை நீங்களே கொண்டு வாருங்கள்

மேற்குக்கு 1046. ஹென்றியின் அப்பா மூன்றாம் ஹென்றி இத்தாலிக்கு வந்து, சூத்ரி சங்கத்தில் போப் பதவிக்கான போட்டியாளர்களை ஒதுக்கிவிட்டு, தன் ஆளான இரண்டாம் கிளமென்ட்டைப் போப்பாக்கினார். கனோசாவுக்கு வெறும் 31 ஆண்டுகளுக்கு முன். ஆகவே மேற்கில் போப்பின் தன்னுரிமை ஆதிகாலத்துச் சொத்து அல்ல, 11-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் போராடிப் பெற்றது என்று எழுத வேண்டும்.

கிழக்குக்கு, கால எல்லையைத் தாண்டி ஒரே ஒரு வரி அனுமதிக்கலாம். 1274-இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேல் லியோன் சங்கத்தில் தன் தூதர்கள் வழியாக ரோமோடு திருச்சபை ஒன்றிப்பை ஏற்றார். குருக்களும் துறவிகளும் மக்களும் ஏற்கவில்லை. 1282-இல் அவர் இறந்ததும் மகன் அதைக் கைவிட்டார். ‘சீசரே போப்’ என்று பொருள்படும் சீசரோபாபிசம் என்ற சொல், பிற்கால மேற்கத்திய அறிஞர்கள் பைசாந்தியத்துக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு. அதைப் பயன்படுத்துவதானால் மிக்கேலின் தோல்வியை அதே பத்தியில் வைத்து, அந்தச் சீட்டு எவ்வளவு ஒட்டுகிறது என்று சோதியுங்கள்.

முடிவுப் பத்தி

இங்கே 1122-க்குப் போங்கள். வோர்ம்ஸ் ஒப்பந்தத்தில் மோதிரமும் கோலும் திருச்சபைக்கு, நிலவுரிமையைக் குறிக்கும் செங்கோல் பேரரசருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஓர் ஆயருக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேற்கு எழுத்தில் ஒப்புக்கொண்டது. கிழக்கில் இப்படி ஓர் ஒப்பந்தம் ஏன் தேவைப்படவே இல்லை என்ற கேள்வியை எழுப்பி, உங்கள் மூன்றாவது பத்தியின் காரணத்தை வைத்து அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள்.