டேட்டா இன்ஜினியர் ரெஸ்யூமேயில் எதைத் தேட வேண்டும்?

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்கா போன்ற இடங்களில் ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வேலை அறிவிப்பில் தரவை எடுத்துச் சேர்க்கும் பைப்லைன், டேட்டா வேர்ஹவுஸ் வடிவமைப்பு, வேலைகளை வரிசைப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ கருவி என மூன்றும் கேட்டிருந்தால், ரெஸ்யூமேயின் திறன் பட்டியலை விட்டுவிட்டு வேலை விவரங்களை முதலில் படியுங்கள்.

'ஏர்ஃப்ளோவில் தினசரி விற்பனைத் தரவை ஏற்றினேன்' என்ற வரி போதாது. பாதியில் நின்ற ஓட்டத்தை மறுபடி ஓட்டியபோது அதே பில்கள் இருமுறை ஏறாமல் எப்படித் தடுத்தார்? அந்த நாளின் பகுதியை மட்டும் அழித்துவிட்டு எழுதினாரா, பில் எண்ணை வைத்து மெர்ஜ் செய்தாரா? இதில் ஒன்றைக் குறிப்பிட்டிருப்பவர் பைப்லைனை உண்மையில் பராமரித்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வேர்ஹவுஸ் வடிவமைப்புதான் பெரும்பாலும் வெறும் பெயராக நிற்கும். 'ஸ்னோஃப்ளேக் தெரியும்' என்பது கருவியை அறிந்ததற்கு மட்டுமே சான்று. மாசி வீதி ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் ஒருவர் தேனிக்குக் குடிபெயர்கிறார் என்று வையுங்கள். முகவரியை அப்படியே மாற்றி எழுதினால், சென்ற ஆண்டு மதுரைக் கணக்கில் இருந்த அவருடைய கொள்முதலும் தேனிக்குப் போய்விடும். அட்டவணையில் பழைய முகவரி உள்ள வரிசைக்கு முடிவுத் தேதி போட்டு, புதிய முகவரிக்குப் புதிய வரிசை சேர்ப்பதே தீர்வு. இத்தகைய முடிவு எதையாவது விண்ணப்பதாரர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏர்ஃப்ளோவுக்குப் பதில் அதே வகைக் கருவியான டாக்ஸ்டர் இருந்தால் நான் ஒதுக்கமாட்டேன். சில வாரங்களில் பழகிவிடலாம். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் மட்டும் என்றால், ஒரு வேலை தவறியபோது அதை நம்பியிருந்த அடுத்த வேலைகளை எப்படி நிறுத்தினார் என்று நேர்காணலில் கேளுங்கள்.