ஒரு ஆர்டர், மூன்று பெட்டி: எங்கே சறுக்குகிறது?

மேலமாசி வீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. புனேவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது: 20 சுங்குடிச் சேலை, போடியில் வாங்கிய இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை, ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு. சேலையோடு விளக்கை வைத்தால் துணி பாழாகும் என்று மூன்று பெட்டியாகக் கட்டினோம். சேலைப் பெட்டி 8.5 கிலோ, தலையணை 2.8, விளக்கு 4.2.

மூன்றையும் கூட்டி 15.5 கிலோவுக்குக் கூரியர் செலவு போட்டோம். அதுதான் முதல் தப்பு. பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கு, தராசு எடை இரண்டில் எது கூடுதலோ, அதற்குத்தான் காசு. தலையணைப் பெட்டி 50×40×25, அதாவது 10 கிலோ! விளக்கு அரைக் கிலோ கணக்கில் 4.5 ஆனது. சேலை அதே 8.5. பில் 23 கிலோவுக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய வினை லேபிளில். மூன்று லேபிளையும் ஒன்றாகப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, பையன் வரிசையாக ஒட்டினான். முகவரி ஒன்றுதானே, மாறினால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். வழியில் ஒரு பெட்டி காணாமல் போனது. போனது விளக்கு. ஆனால் அந்த டிராக்கிங் எண்ணில் நாங்கள் பதிந்திருந்ததோ தலையணை. இழப்பீட்டுப் பேச்சு தலையணை விலையிலேயே நின்றது. லேபிள் மாறியது எப்படித் தெரிந்தது என்றால், கூரியர் ஹப்பில் போட்ட தராசு எடையைக் கேட்டு வாங்கினோம். தலையணை எண்ணில் 4.2, விளக்கு எண்ணில் 2.8 என்று இருந்தது.

இப்போது ஒரு பெட்டியை எடை போட்டு, மேலே மார்க்கரில் எடையும் ‘1/3’ என்றும் எழுதி, அதன் லேபிளை ஒட்டின பிறகுதான் அடுத்த பெட்டியைத் தொடுகிறோம். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது.

கணக்குத் தாளிலும் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி என்பது சரிவராது. பெட்டிக்கு ஒரு வரி வேண்டும்: ஆர்டர் எண், பெட்டி எண், உள்ளே என்ன, அதன் விலை, எடை, டிராக்கிங் எண், நிலை. ஒரே கட்டத்தில் மூன்று எண்ணையும் கமா போட்டு அடைத்தால், முதல் பெட்டி சேர்ந்ததுமே யாராவது ‘டெலிவரி ஆச்சு’ என்று குறித்துவிடுவார்கள். மற்ற இரண்டையும் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம், எக்செலில் 14 இலக்க டிராக்கிங் எண்ணை அப்படியே ஒட்டினால் `1.23457E+13` மாதிரி காட்டும். 15 இலக்கத்தைத் தாண்டினால் மீதி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை Text என்று மாற்றி வையுங்கள்.