ஷனா, மென்ட்டா, நெஸ்ஸா?

பாம்பனில் தங்கச்சி மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கும் கேள்வி வந்தால் குருட்டாம்போக்கில் ஒரு விகுதியை ஒட்டிவிடுவான். 'பனிஷேஷன்' என்றுகூட எழுதியிருந்தான். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுவிட்டு, சொல்லின் தலையையும் வாலையும் பார்க்கப் பழக்கினேன்.

முதலில் நெஸ்ஸை ஒதுக்கினோம். அது பெரும்பாலும் பெயரடையோடுதான் ஒட்டும்: டார்க், டார்க்னெஸ். 'ஃபர்கிவ்' என்ற வினை ஃபர்கிவ்னெஸ் ஆவது பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த விதிவிலக்கு.

'ஏட்' என்று முடியும் நீளமான வினைக்குப் பெரும்பாலும் ஷன்தான். தனுஷ்கோடிக்குப் பூநாரை வருவதைச் சொல்ல மைக்ரேட், மைக்ரேஷன் ஆகிறது. ஆனால் ஓரசைச் சொல்லான 'ஸ்டேட்' இதில் சேராது, அது ஸ்டேட்மென்ட்.

தொடக்கத்தில் 'என்' இருந்தால் அதை வெட்டிப் பார்க்கச் சொன்னேன். மீன்பிடித் தடைக்காலத்தை வைத்தே ஒரு வாக்கியம் கொடுத்தேன்: தடையை என்ஃபோர்ஸ் செய்கிறார்கள். 'என்' போனால் ஃபோர்ஸ் தனிச்சொல்லாக நிற்கிறது, ஆகவே என்ஃபோர்ஸ்மென்ட். என்ஜாய், என்ரிச் இரண்டும் அப்படியே. 'என்டியூர்' வெட்டினால் மிஞ்சும் 'டியூர்' தனிச்சொல்லாக நிற்காது, அது என்டியூரன்ஸ். ஆனால் 'என்க்ளோஸ்' சோதனையில் தேறியும் என்க்ளோஷர் ஆகி ஏமாற்றும்.

'இஷ்' என்று முடிந்தால் பல நேரம் மென்ட்: பனிஷ்மென்ட், எஸ்டாப்ளிஷ்மென்ட்.

"அப்ப டெமாலிஷ் மாமா?" என்றான்.

சரியான கேள்வி. டெமாலிஷன், அபாலிஷன் இரண்டையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். சந்தேகம் வந்தால் அகராதிதான்.