பதினொரு மணிக்குப் பிறகு எந்தப் பெட்டி?

மும்பையின் கோட்டைப் பகுதியில் வேலை முடிந்து சயானுக்கு ரயில் ஏற இரவு 11.30 ஆகிவிடும். ஒருநாள் பெண்கள் பெட்டிதானே என்று உட்கார்ந்தேன். அடுத்த நிலையத்தில் ஆண்கள் ஏறினார்கள். சண்டைக்கு எழுந்த என்னிடம் எதிரே இருந்த பாட்டி, "வாசலில் எழுதியிருப்பதைப் படித்தாயா அம்மா?" என்றார். இரவு 11 வரைதான் அது பெண்களுக்கு. பிறகு பொதுப் பெட்டி. தவறு என்னுடையது!

இப்போது '24 மணி நேரம்' என்று எழுதிய பெட்டி நடைமேடையில் எந்தத் தூணருகே நிற்கும் என்று பார்த்துவைத்திருக்கிறேன். இரவில் பெரும்பாலும் அதில் காவலர் இருப்பார். இல்லாவிட்டால் நான்கைந்து பெண்கள் இருக்கும் பக்கம் உட்கார்வேன்.

சயானில் இறங்கியதும் குறுக்குச் சந்து வேண்டாம். கடை வெளிச்சமுள்ள சாலை ஐந்து நிமிடம் கூடுதல். சூடான வேர்க்கடலையும் அங்கேதான் கிடைக்கிறது.