எக்ஸ்டென்ஷன் கோட்டும் சேர்ஜ் புரொடெக்டரும்: யூலையும் பியூஸையும் பிழையாகப் படிக்கும் இடங்கள்

வன்னியில் ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களில் இடிமின்னல் வழமை. அந்த நாட்களில் தொலைக்காட்சியையும் கம்பியூட்டரையும் காப்பாற்றவென்று வாங்கப்படும் பிளக் துவாரப் பலகைகளில் பல, மின்னல் எழுச்சியைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர்கள் அல்ல, வெறும் எக்ஸ்டென்ஷன் கோட்டுகளே. பிளக்கில் பியூஸ் இருக்கிறது, சிவப்பு விளக்குள்ள சுவிட்ச் இருக்கிறது, ஆகவே மின்னலுக்கும் இது போதும் என்று எண்ணுவதே முதலாவது தவறு.

பியூஸ் காப்பது வயரை மட்டுமே. கூடுதலான மின்னோட்டத்தால் சூடேறி உருகுவதற்கு அதற்கு நேரம் வேண்டும். 13 அம்பியர் பியூஸில் 20 அம்பியர் ஓடினாலும் அது உடனே போய்விடாது. மின்னலால் கம்பிவழி வரும் மின்னழுத்த எழுச்சியோ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் சில பத்து அல்லது சில நூறு பங்குகளுக்குள் வந்து முடிந்துவிடும். பியூஸ் உருகத் தொடங்கும் முன்னரே தொலைக்காட்சியின் பவர் போர்ட் எரிந்திருக்கும்.

வயரைக் காக்கும் வேலையிலும் பியூஸ் சில வேளை தவறும். 2000 வாற்றுக் கேத்தலையும் 1000 வாற்று அயன்பெட்டியையும் ஒரே பலகையில் போட்டால், 3000 ஐ 230 ஆல் வகுக்க ஏறத்தாழ 13 அம்பியர் வரும். பியூஸ் பேசாமல் இருக்கும். ஆனால் மலிவான பலகையின் வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் தடிப்பாயின் அது 6 அம்பியருக்கே ஏற்றது. பிளாஸ்ரிக் மணக்கத் தொடங்கிய பின்னர்தான் வீட்டாருக்குத் தெரியவரும். 13 அம்பியருக்கு 1.25 சதுர மில்லிமீற்றர் வேண்டும். இந்த அளவு பெரும்பாலும் வயரின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியில் உள்ள படத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

சேர்ஜ் புரொடெக்டரில் கூடுதலாக இருப்பது வரிஸ்டர் எனப்படும் சிறிய வட்டத் தட்டு. வழமையான அழுத்தத்தில் அது மின்னை ஏறக்குறையக் கடத்தாது. அழுத்தம் எல்லை மீறினால் கதவைத் திறந்து, எழுச்சியைத் தன்வழியே திருப்பி, அதன் ஒரு பகுதியை வெப்பமாக உள்வாங்கும். யூல் என்பது அப்படி உள்வாங்கக்கூடிய சக்தியின் அளவு. பெட்டியில் 900 யூல் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மூன்று தட்டுகளின் கூட்டுத்தொகை. ஒரு தட்டு லைனுக்கும் நியூற்றலுக்கும் இடையிலும், மற்ற இரண்டும் எர்த்தோடும் இணைந்திருக்கும். சுவரின் எர்த் துவாரத்தில் தீக்குச்சியைக் குத்தி பலகையின் இரண்டுமுனைப் பிளக்கை நுழைக்கும் வீட்டில் அந்த இரண்டும் சும்மா இருக்கும். மேலும் ஒவ்வொரு பெரிய எழுச்சியும் தட்டைத் தேய்க்கும். தட்டு செத்த பின்னரும் பல பலகைகளில் துவாரங்களுக்கு மின் வந்துகொண்டே இருக்கும். பாதுகாப்பைக் காட்டும் சிறுவிளக்கு அணைந்திருப்பதே ஒரேயொரு அடையாளம். அந்த விளக்கு இல்லாத பலகையை நான் வாங்கமாட்டேன்.

யூல் எண்ணை மட்டும் பார்ப்பதால் வரும் மோசமான தவறு வெளிநாட்டுப் பொதியில் வருகிறது. கனடாவில் இருக்கும் உறவினர் அன்போடு அனுப்பிய, பின்புறத்தில் 125 வோல்ற் என்று எழுதிய பலகையை, ஓர் அடப்ரர் வைத்து நம் 230 வோல்ற்றில் செருகுகிறார்கள். அதிலுள்ள வரிஸ்டர் அந்நாட்டு 120 வோல்ற்றுக்கு உரியது. நம் மின்சாரம் அதற்கு ஓயாத எழுச்சி. தட்டு சராசரியாக இரண்டு அம்பியரையே கடத்துகிறது என்று வைத்தாலும், 230 ஐ இரண்டால் பெருக்க 460 வாற்று, அதாவது செக்கனுக்கு 460 யூல். 900 யூல் இரண்டு செக்கனுக்குள் தீர்ந்துவிடும். வெப்பத்தில் அறுக்கும் பியூஸ் உள்ளே இருந்தால் அது துண்டித்துவிடும், இல்லாவிட்டால் புகையும் தீயும்தான். வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது வோல்ற், யூல் அதற்குப் பிறகே.

இதே கணக்கு நம் ஊர்க் கம்பங்களிலும் நடக்கும். காற்றில் மரக்கொப்பு முறிந்து, பல வீடுகளுக்குப் போகும் நியூற்றல் கம்பி அறுந்தால், மூன்று பேஸ்களிலும் உள்ள வீடுகளின் சுமைக்கேற்ப அழுத்தம் சமநிலை இழந்து, சில வீடுகளில் 400 வோல்ற்றை நெருங்கக்கூடும். இது கணநேர எழுச்சியன்று, கம்பியைத் திருத்தும்வரை நீடிப்பது; எந்த யூல் எண்ணும் இதைத் தாங்காது. அழுத்தம் கூடினால் தானாகத் துண்டித்து, சீரான பின்னர் சற்றுத் தாமதித்து மீண்டும் இணைக்கும் வோல்ற்றேஜ் புரொடெக்டர் என்பது வேறு சாதனம். குளிர்சாதனப்பெட்டிக்கு அதுவே பொருத்தம்.

பல்புகள் திடீரெனப் பளீரென்று எரிந்து, மின்விசிறி வழமைக்கு மாறாக வேகமாகச் சுழன்றால், பலகையின் சுவிட்சைத் தேடாமல் மெயின் சுவிட்சை உடனே நிறுத்திவிட்டு, பிறகு மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இடி நெருங்கும்போதோ, பிளக்கோடு அன்ரனா வயரையும் கழற்றி வைக்க வேண்டும், ஏனெனில் அந்த வழியில் வரும் எழுச்சியை சாதாரண பலகையின் வரிஸ்டர் பார்ப்பதே இல்லை.